‘அப்புறம் பேசிக்கொள்ளலாம்’ என்ற பத்தி

ஆய்வுக்கூட்டு ஒப்பந்தங்களில் பணம் எப்படிப் பிரியும், வாங்கிய கருவி யாருக்குச் சேரும், காப்புரிமை கிடைத்தால் பங்கு என்ன என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். வெளியீடு பற்றி மட்டும் ஒரே ஒரு பத்தி. அதுவும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “இவ்வாய்வின் முடிவுகள் இரு தரப்பினரின் பரஸ்பர ஒப்புதலுடன் கூட்டாக வெளியிடப்படும். பங்களித்தோர் அனைவருக்கும் உரிய அங்கீகாரம் அளிக்கப்படும்.” பழைய ஒப்பந்தத்திலிருந்து புதிய ஒப்பந்தத்துக்கு நகலெடுத்து நகலெடுத்து வந்த வாசகம் இது. அதை எழுதியவர் யாரென்று பதிவாளர் அலுவலகத்துக்கே தெரியாது.

இந்தப் பத்தியை விரித்து எழுதலாமே, யார் பெயர் எங்கே வரும், எதன்படி வரும் என்று சொல்லலாமே என்று கேட்டால் மூத்தவர்களிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: “ஆரம்பத்திலேயே பெயரைப் பற்றிப் பேசினால் உறவு கெட்டுவிடும். கட்டுரை எழுதும்போது உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். எல்லோரும் படித்தவர்கள்தானே.” கேட்க இதமான பதில். அனுபவத்தின் குரல் போலவும் ஒலிக்கும். இது தவறு என்பதே என் வாதம். தவறு மட்டுமல்ல, யாருக்கும் தீங்கில்லாத தவறும் அல்ல. அந்தப் பத்தி எதையும் முடிவு செய்யாமல் விட்டதாகத் தோன்றினாலும், முடிவு செய்யும் அதிகாரத்தை யார் கையில் மூத்த பதவியும் கையெழுத்தும் இருக்கிறதோ அவரிடம் ஓசையில்லாமல் ஒப்படைத்துவிடுகிறது.

ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். விவரங்கள் மட்டும் நிஜமான துறையிலிருந்து. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய நீரைப் பால்பருவத்திலிருந்தே குடித்து வளரும் குழந்தைகளின் நிலைத்த பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் ஏறும். ஒரு பல்கலைக்கழக வேதியியல் துறை, ஒரு பல் மருத்துவக் கல்லூரி, வேறோர் ஆய்வு நிறுவனத்துப் புள்ளியியலாளர் ஆகிய மூவரும் சேர்ந்து இதை ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். முனைவர் பட்ட மாணவி ஊர் ஊராகப் போய்க் கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் எடுத்து, ஃபுளோரைடு மின்முனை கொண்டு அளக்கிறார். பல் மருத்துவர் அதே ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து, டீன் குறியீட்டின்படி ‘இயல்பு’ முதல் ‘கடுமை’ வரை தரம் பிரிக்கிறார். திட்ட உதவியாளர் ஒருவர் வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்புகிறார். ஓராண்டில் நல்ல வேலை கிடைத்துப் போய்விடுகிறார். புள்ளியியலாளர் கடைசியில் வருகிறார். ஒரே கிணற்றில் குடிக்கும் பிள்ளைகளைத் தனித்தனி ஆட்களாக எண்ணிக் கணக்குப் போட்டால் முடிவு பொய்யான உறுதியைக் காட்டும். அவர்களை ஊர்வாரியாகத் தொகுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பகுப்பாய்வையே மாற்றி அமைக்கிறார்.

இப்போது நீருக்கும் பல்லுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் முக்கியக் கட்டுரை எழுதப்படுகிறது. முதல் பெயர் யாருடையது? நீரின் தரவு முழுக்க என்னுடையது, என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமே இதுதான் என்பார் மாணவி. பற்களைப் பார்த்தது நான், தலைப்பே பற்களைப் பற்றியது என்பார் மருத்துவர். நீங்கள் போட்டிருந்த கணக்கோடு அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருக்கும் என்பார் புள்ளியியலாளர். மூவரும் சொல்வது உண்மை. “உரிய அங்கீகாரம்” என்ற சொற்றொடர் இந்த மூவரில் ஒருவரைக்கூட இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. அதனால் யார் முடிவு செய்வார்? திட்டத்தின் முதன்மை ஆய்வாளர். அவர் யார்? மாணவியின் நெறியாளர். மாணவி தன் நெறியாளரிடம் போய் “உட்கார்ந்து பேசிக்கொள்வது” எப்படிப்பட்ட பேச்சாக இருக்கும் என்பது பல்கலைக்கழக வளாகத்தில் ஆறு மாதம் இருந்த எவருக்கும் தெரியும்.

பெயர் வரிசை வெறும் கௌரவப் பிரச்சினை, அறிவாளிகள் அதற்கெல்லாம் சண்டை போடலாமா என்று கேட்பவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளைத் திறந்து பார்க்கட்டும். அறிவியல் துறைகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றுக்கு அடிப்படை மதிப்பெண் 8. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு. இருவருக்கு மேல் போனால் முதல் ஆசிரியர், முதன்மை ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70 விழுக்காடு, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. அதாவது நம் கட்டுரையில் ஒருவருக்கு 5.6, அடுத்தவருக்கு 2.4. ஒரே உழைப்பு, ஒரே கட்டுரை, இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பது இந்தக் கூட்டலில் போய் நிற்கிறது. இதைத் தீர்மானிக்கும் வரியை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவது பெருந்தன்மை ஆகாது.

அந்த விதியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடர்பு ஆசிரியர் என்ற இடத்துக்கும் முதல் இடத்துக்குச் சமமான மதிப்பு இருக்கிறது. ஆய்விதழோடு மின்னஞ்சல் பேசி, திருத்தங்களை வாங்கி அனுப்பும் அலுவல் வேலையாகத் தொடங்கியது அது. இப்போது அதுவே பரிசுப் பொருளாகிவிட்டது. “முதல் பெயர் உனக்கு, தொடர்பு முகவரி எனக்கு” என்ற பேரம் நம் துறைகளில் சர்வசாதாரணம். ஆகவே ஒப்பந்தப் பத்தி பெயர் வரிசையை மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்பு ஆசிரியரைப் பற்றி வாய்திறக்காமல் இருந்தால் பாதிக் கதவு திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் ஒன்றுதான் உண்மையிலேயே வலுவானது. ஆய்வு எந்தப் பக்கம் திரும்பும் என்று தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது; யார் அதிகம் உழைப்பார், யார் பாதியில் போவார் என்று தெரியாது; அப்படியிருக்க வரிசையை முன்கூட்டியே எழுதினால் உழைக்காதவர் பெயர் முதலில் நின்றுவிடாதா என்பது அது. எழுதிய வரிசையை மாற்றவே கூடாது என்று யாராவது சொன்னால் இந்த வாதம் அவரை வீழ்த்திவிடும். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வரவு செலவுத் திட்டமும் முன்கூட்டியேதான் போடப்படுகிறது. வேதிப்பொருள் விலை ஏறினால் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எழுத்துமூலம் அனுமதி கேட்கிறோம். செலவு எப்படிப் போகும் என்று தெரியாது, ஆகவே பட்ஜெட்டே வேண்டாம் என்று எந்தப் பேராசிரியரும் நிதி நிறுவனத்திடம் சொன்னதில்லை.

எதிர்காலம் தெரியாது என்பதால்தான் வழிமுறை வேண்டும். அந்த வழிமுறையில் காலம் முக்கியம். முடிவுகள் வெளிச்சத்துக்கு வருவதற்கு முன் எல்லோரும் தம் பங்கை ஓரளவு நியாயமாகவே மதிப்பிடுவார்கள். நல்ல முடிவு வந்துவிட்டது, பெரிய இதழுக்குப் போகலாம் என்று தெரிந்த மறுநாள் எல்லோருடைய பங்கும் நினைவில் வீங்கிவிடும். முடிவு ஒன்றுமில்லாமல் போனாலோ, பெயர் போட்டுக்கொள்ள ஆள் இருக்காது. எனவே வரிசையைப் பேச வேண்டிய நேரம் தரவு சேகரிப்பு முடிந்து, பகுப்பாய்வு தொடங்குவதற்கு முந்தைய வாரம். “கட்டுரை எழுதும்போது பேசிக்கொள்ளலாம்” என்பவர்கள் பேசுவதற்கு ஆக மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் சோம்பேறித்தனமானது. ஆய்விதழ்களே விதி வைத்திருக்கின்றனவே, ஒப்பந்தத்தில் வேறு எதற்கு என்பார்கள். விதி இருக்கிறது, உண்மைதான். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, அதாவது 1978இல் வான்கூவரில் கூடிய குழு, நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது. ஆய்வின் கருத்திலோ வடிவமைப்பிலோ, தரவைச் சேர்ப்பதிலோ பகுப்பாய்வதிலோ கணிசமான பங்கு. கட்டுரையை எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு. இறுதி வடிவுக்கு ஒப்புதல். வேலை முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். நிதி வாங்கித் தந்தது மட்டும், துறையைப் பொதுவாக மேற்பார்த்தது மட்டும் போதாது. அருமையான விதி. ஆனால் அது யார் உள்ளே, யார் வெளியே என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருப்பவர்களில் யார் முன்னால் என்பதை ஆசிரியர்களே கூடி முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறது. சண்டை வந்தால் ஆய்விதழ் தீர்ப்புச் சொல்லாது. உங்கள் நிறுவனத்தில் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும். நிறுவனம் எதைப் பார்த்துத் தீர்க்கும்? ஒப்பந்தத்தை. ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? “உரிய அங்கீகாரம்.”

அந்த நான்கு நிபந்தனைகளைத் தலைகீழாகப் பயன்படுத்துவதையும் பார்க்கிறோம். கேள்வித்தாள் நிரப்பிய திட்ட உதவியாளருக்கு வரைவையே அனுப்பாமல் இருந்துவிட்டு, அவர் எழுத்தில் பங்கெடுக்கவில்லை, ஆகவே ஆசிரியர் ஆக மாட்டார் என்பார்கள். முதல் நிபந்தனையை நிறைவு செய்த ஒவ்வொருவருக்கும் மற்றவற்றில் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே விதி சொல்வதை யாரும் வாசிப்பதில்லை. ஒப்பந்தப் பத்தி இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கிரெடிட் என்ற பங்களிப்புப் பட்டியலைக் காட்டி, இனி எல்லாம் தீர்ந்தது என்பவர்களும் உண்டு. கருத்தாக்கம், வழிமுறை, மென்பொருள், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, மேற்பார்வை, நிதி பெறுதல் என 14 பணிகள். ஒவ்வொன்றிலும் முன்னின்றவர், சமபங்கு, துணை என்று குறிக்கலாம். நல்ல கருவி, 2022இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் நடைமுறையில் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் இரவில் தொடர்பு ஆசிரியர் தனியாக உட்கார்ந்து அதை நிரப்புகிறார். எவரும் ‘மேற்பார்வை’யைத் தமக்குக் குறைத்துப் போட்டுக்கொண்டதாக நான் பார்த்ததில்லை. அதே பட்டியல் முதல் நாளிலேயே ஒப்பந்தத்தின் இணைப்பாக நிரப்பப்பட்டு, வேலை நகர நகரத் தேதியோடு திருத்தப்பட்டால் அது சாட்சியாகும்.

அகரவரிசையில் போட்டுவிட்டால் வம்பே இல்லை என்ற யோசனைக்கும் ஆதரவாளர்கள் அதிகம். கணிதத்தில் அது நெடுநாள் மரபு. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அப்படித்தான் எழுதினார்கள். யோசனை யாருடையது என்று பிரிக்க முடியாத துறையில் அது பொருந்தும். துகள் இயற்பியலில் 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றிய கட்டுரையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் இருந்தது. அங்கே வரிசையை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அகரவரிசை வழக்கமாக இருக்கும் பொருளியலிலேயே, தலைசிறந்த அமெரிக்கத் துறைகளில் குடும்பப் பெயரின் முதலெழுத்து முன்னால் வருபவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஐனாவ், யாரிவ் என்ற இருவர் 2006இல் காட்டினார்கள். நமக்கோ இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முன்னெழுத்தை விரித்துப் போட்டால் பன்னாட்டுத் தரவுத்தளம் அதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். விரிக்காமல் விட்டால் சொந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும். ஒரே ஆள் ஒரு கட்டுரையில் அப்பாவின் எழுத்திலும் அடுத்ததில் தன் எழுத்திலும் நிற்பார். அகரவரிசை வேண்டுமென்றால் எந்தப் பெயரின் அகரம் என்றும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியிருக்கும். மானியக் குழுவின் 70-30 கணக்கு அகரவரிசையை அறியாது என்பது வேறு. (பெயர் வரிசை வேடிக்கையாகப் போனதற்கும் உதாரணம் உண்டு. 1948இல் ஜார்ஜ் காமவ், ஆல்ஃபா-பீட்டா-காமா போல ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே தன் மாணவர் ரால்ஃப் ஆல்ஃபரின் கட்டுரையில் ஹான்ஸ் பெத்தேயின் பெயரைச் சேர்த்தார். வேலை பெரும்பகுதி மாணவருடையது. இரண்டு பெரிய பெயர்களின் நிழலில் அவர் பங்கு மறைந்துபோனது.)

சரி, பத்தியை எப்படி எழுதுவது? நம் ஃபுளோரைடு திட்டத்துக்கு நான் இப்படி எழுதுவேன்:

“இத்திட்டத்திலிருந்து எதிர்பார்க்கப்படும் கட்டுரைகள், ஒவ்வொன்றின் முதல், இறுதி மற்றும் தொடர்பு ஆசிரியர்கள் இணைப்பு 1இல் பெயரிடப்பட்டுள்ளனர். முதல் ஆசிரியர் என்பவர் அக்கட்டுரையின் பகுப்பாய்வுத் திட்டத்தை வகுத்து முதல் வரைவை எழுதுபவர். இறுதி ஆசிரியர் அக்கட்டுரையின் அறிவியல் பொறுப்பை முழுமையாக ஏற்பவர். பதவியால் மட்டும் எவரும் அவ்விடத்தைப் பெறார். இடைப்பட்டோர் இணைப்பு 2இல் பதிவான பங்களிப்பின் இறங்குவரிசையில் இடம்பெறுவர்; பங்கு சமமெனில் சொந்தப் பெயரின் ஆங்கில அகரவரிசை பின்பற்றப்படும். வடிவமைப்பு, தரவு சேகரிப்பு அல்லது பகுப்பாய்வில் கணிசமாகப் பங்களித்த ஒவ்வொருவருக்கும், திட்டத்தை விட்டுச் சென்றிருப்பினும், வரைவு அனுப்பப்பட்டுக் கருத்துச் சொல்ல 21 நாள் தரப்படும். இணைப்புகள் தரவு சேகரிப்பு முடிந்ததும் பகுப்பாய்வுக்கு முன்பும், முதல் வரைவு முடிந்ததும் மீளாய்வு செய்யப்படும். மாற்றம் காரணத்துடன் எழுதப்பட்டு, பாதிக்கப்படுபவர் கையெழுத்துடன் மட்டுமே செல்லும். தரவு சேகரிப்பு முடிவடைந்து 120 நாளுக்குள் முதல் வரைவு வராவிட்டால், முதல் ஆசிரியர் உரிமை இணைப்பு 1இல் அடுத்துள்ளவருக்குச் செல்லும். ஆய்வேட்டின் அத்தியாயத்தை அடிப்படையாகக் கொண்ட கட்டுரையில் மாணவரே முதல் ஆசிரியர். பிணக்கு எழுந்தால் மூன்று நிறுவனங்களையும் சாராத, இணைப்பு 3இல் பெயரிடப்பட்ட ஒருவர் 30 நாளில் முடிவு சொல்வார்; அதுவரை கட்டுரை அனுப்பப்படாது.”

நாள் கணக்குகள் என் பரிந்துரைதான். அவரவர் துறைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நீளமாக இருக்கிறதே என்பவர்கள் கருவிப் பராமரிப்புக்கு அதே ஒப்பந்தம் எத்தனை பத்தி ஒதுக்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். இணைப்பு 1இல் நம் மூவரும் எப்படி நிற்பார்கள் என்றும் பாருங்கள். நீரின் வேதியியல் வரைபடம் தனிக் கட்டுரை. அது மாணவியின் அத்தியாயம், முதல் பெயர் அவருடையது. பல்லுக்கும் நீருக்குமான தொடர்பு இரண்டாவது கட்டுரை. பகுப்பாய்வுத் திட்டம் வகுத்து எழுதப்போவது பல் மருத்துவர் என்று தொடக்கத்திலேயே குறித்தாகிவிட்டது. ஊர்வாரித் தொகுப்புக் கணக்கைப் பற்றிப் புள்ளியியலாளர் மூன்றாவது ஒன்றை எழுதலாம். இரண்டாவது கட்டுரையின் பகுப்பாய்வுத் திட்டத்தையே அவர்தான் மாற்றி எழுதினார் என்றால், பகுப்பாய்வுக்கு முந்தைய மீளாய்வில் அதைச் சொல்லி இடம் கேட்க அவருக்கு வழி இருக்கிறது. மருத்துவரும் இடம் விட்டுக்கொடுப்பதா, முதல் பங்கைச் சமமாகப் பகிர்வதா என்று முடிவு தெரியாத நிலையில் யோசிப்பார். வேலை கிடைத்துப் போன உதவியாளருக்கும் வரைவு போகும். துறைத் தலைவருக்கு நன்றியுரையில் இடமுண்டு, அதுவும் அவருடைய எழுத்துமூல ஒப்புதலோடு.

இந்தப் பத்தியால் ஆகாதவையும் இருக்கின்றன. தகுதியில்லாத ஒருவரை ஆசிரியராக்குவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் ஆய்விதழின் விதிக்கு முன் அது செல்லாது. காப்புரிமை விண்ணப்பத்தில் யார் கண்டுபிடிப்பாளர் என்பது வேறு சட்டக் கேள்வி. அதை இதே பத்தியில் கலந்துவிட்டால் இரண்டும் குழம்பும். பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் தான்தான் ஆசிரியர் என்று கோரும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது எழுதியவரின் எழுத்தைக் காப்பது. கிணற்றடியில் நின்று நீர் எடுத்தவரை அது அறியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் பதிவாளர்களும் இயக்குநர்களும். மாணவியும் உதவியாளரும் அதில் தரப்பினர் இல்லை. ஒப்பந்தத்தில் தரப்பினராக இல்லாதவர் பொதுவாக அதைக் காட்டி வழக்காட முடியாது என்பது நம் சட்ட நிலை. எவ்வளவு அழகான பத்தியை எழுதினாலும், அது யாரைக் காப்பாற்ற எழுதப்பட்டதோ அவர் கைக்கு எட்டாமல் போகலாம். அதனால்தான் இணைப்பு 1இலும் 2இலும் பெயருள்ள ஒவ்வொருவரும் நேரடியாகக் கையெழுத்திட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனங்கள் அந்த இணைப்பை மதிப்போம் என்று முதன்மை ஒப்பந்தத்திலேயே உறுதி கூற வேண்டும். அப்போதும் நெறியாளரின் விருப்பத்துக்கு எதிராக மாணவி வாய்திறப்பது எளிதாகிவிடாது. ஆனால் “நாம் அப்படிப் பேசவே இல்லையே” என்று யாரும் சொல்ல முடியாது.

உறவு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஒரே ஒரு பதில். முதல் வாரத்தில் பெயரைப் பற்றி அரை மணி நேரம் பேசியதால் முறியும் கூட்டு, மூன்றாம் ஆண்டில் கட்டுரை கையில் இருக்கும்போது எப்படியும் முறியத்தான் போகிறது. அப்போது தரவு ஒருவரிடம், வரைவு ஒருவரிடம், ஃபெல்லோஷிப் முடிந்த மாணவி ஊரில் என்று கிடக்கும்.

உங்கள் மேசையில் இப்போது ஓர் ஆய்வுக்கூட்டு ஒப்பந்த வரைவு இருந்தால், கையெழுத்திடும் முன் வெளியீட்டுப் பத்தியை எடுத்து, அடுத்த தரப்பின் ஆய்வாளருக்கும் உங்கள் மாணவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். “இதன்படி நம் முதல் கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்?” என்று கேளுங்கள். இருவரும் வேறு வேறு பெயர் சொன்னால் வரைவைப் பதிவாளர் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.